வாசலில் வந்து நிற்கும் வகுப்புத் தோழிக்கு முதல் வார்த்தை

கேள்வி:

நாங்கள் 1997-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் அரசுப் பள்ளி. ஆணும் பெண்ணுமாக 42 பேர். 2022-இல், 25 ஆண்டு ஆனதை ஒட்டி, முதல்முறையாக ஒன்றுகூடினோம். வரும் மே மாதம் இரண்டாவது சந்திப்பு. போன முறை போலவே வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

போன முறை இரண்டு தோழிகள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒருத்தியைப் பார்த்த சந்தோஷத்தில், "ஏய், நீ அப்படியே இருக்கடி! வயசே ஆகலையே உனக்கு!" என்று கட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவளை அடையாளம் தெரியவில்லை. அவளே பெயரைச் சொன்னாள். "அய்யோ, நீயா! ஆளே மாறிட்டியே" என்றேன். அவளுக்குத் தைராய்டு தொல்லை, சில வருடங்களாக மருந்து சாப்பிடுகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, பெயர், வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று சொன்னோம். அவள் முறை வருவதற்கு முன்பே, வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். சாப்பிடக்கூட இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள், ஆனால் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

என் பக்கமும் ஒன்று உண்டு. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். நல்லபடியாகத்தான் போகிறது. ஆனால் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் வங்கி மேலாளர் என்று மைக்கில் சொன்னபோது மனசுக்குள் ஏதோ சுருங்கியது. என் முறை வந்ததும், "சும்மா, வீட்டோட தையல்தான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

வேலை, அழகு, வசதி எதையும் ஒப்பிடாமல் பழைய நண்பர்களை எப்படி வரவேற்பது? அதைக் கேட்காவிட்டால் பிறகு என்னதான் பேசுவது?

பதில்:

நீங்கள் அந்தத் தோழியை எந்த இடத்திலும் குறைத்துச் சொல்லவில்லை. இன்னொருத்தியைப் புகழ்ந்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் "அப்படியே இருக்க" என்பது பதினைந்து வயது முகத்தை அளவாக வைத்து இன்றைய முகத்தைப் பார்ப்பது. அந்த அளவை வாசலிலேயே எடுத்துக் காட்டியாகிவிட்டது. அடுத்து நிற்பவர், யாரும் சொல்லாமலேயே, தன்னை அதில் வைத்துப் பார்த்துக்கொள்வார். தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது உடல் எடை ஏறும், முகம் உப்பும், முடி கொட்டும். கண்ணாடியில் தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அன்று காலை எந்தப் புடவை கட்டுவது என்று எத்தனை முறை யோசித்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். வந்த அரை நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது.

அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். உடம்பைப் பற்றி வாசலில் எதுவும் பேச வேண்டாம், புகழ்ச்சியாகக்கூட வேண்டாம். "இளைச்சு அழகாயிட்ட" என்று சொல்லும்போது எதிரில் நிற்பவருக்குச் சர்க்கரை நோயா, வீட்டில் பெரிய துக்கமா, புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வந்திருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது. தலை நரைத்தது, முடி போனது, தொப்பை விழுந்தது எல்லாம் ஆண்கள் தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கேட்பவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வைத்து அவருக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் வராத சுருக்கம், பழைய வகுப்புத் தோழி மேலாளர் ஆனால் ஏன் வருகிறது என்றும் உங்கள் கடிதம் மறைமுகமாகக் கேட்கிறது. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் இதைப் பற்றி எழுதினார். நாம் எப்படி இருக்கிறோம் என்பதை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்களை வைத்து அளக்கிறோம். அதிலும் நம்மைப் போன்றவர்களையே தேடி எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். தையல் கடைக்காரர் எவரும் அம்பானியைப் பார்த்து உறக்கம் கெடுவதில்லை. பிறகு ஆப்ரஹாம் டெசர் என்ற உளவியலாளர் இன்னொன்றைச் சேர்த்தார். நமக்கு நெருக்கமான ஒருவர், நாம் முக்கியமாக நினைக்கும் ஒன்றிலேயே நம்மை முந்தினால்தான் மனம் அதிகம் சங்கடப்படும் என்றார். நெருக்கமான ஒருவர் நாம் கவலைப்படாத ஒன்றில் சிறந்தால், அது நமக்குப் பெருமையாகவே இருக்கும்.

இந்த இரண்டையும் உங்கள் பெஞ்சில் வைத்துப் பாருங்கள். ஒரே வயது, ஒரே ஊர், ஒரே வாத்தியார், ஒரே சத்துணவு. கிளம்பிய இடம் ஒன்று என்பதால், போய்ச் சேர்ந்த இடம் நம் திறமைக்கான தீர்ப்பு போலத் தெரிகிறது. அப்பா இருந்தாரா, யாருக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் ஆனது, யாரைக் கல்லூரிக்கு அனுப்பப் பணம் இருந்தது என்பதெல்லாம் கணக்கில் வருவதில்லை. போதாக்குறைக்கு, அந்த வகுப்பறையே நம்மை வரிசைப்படுத்திய இடம். பரீட்சை முடிந்ததும் விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் அடுக்கி வைத்து, முதலிலிருந்து கடைசி வரை பெயர் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள் உண்டு. ரேங்க் அட்டையில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் பயந்த இரவுகள் உண்டு. தமிழக அரசு 2017-இல்தான் பொதுத் தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. உங்கள் வகுப்பு அதற்கு இருபது வருடம் முந்தையது. பழைய முகங்களை ஒன்றாகப் பார்த்ததும் பழைய வரிசையும் எழுந்து வருகிறது. அன்று மதிப்பெண் இருந்த இடத்தில் இன்று சம்பளமும் வீடும் பிள்ளைகளின் கல்லூரியும் இருக்கின்றன. உங்களுக்கு வந்த சுருக்கம் பொறாமைக் குணம் அல்ல. அந்த மாதிரி இடத்தில், அந்த மாதிரி கேள்வி கேட்டால், யாருக்கும் வருவது.

எனவே கேள்வியை மாற்றுவதுதான் வேலை. "என்ன பண்ற?", "எங்க செட்டில் ஆன?", "சொந்த வீடா?", "பையன் எந்த காலேஜ்?" எல்லாவற்றுக்கும் வருகிற பதில்களை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம். ஆனால், "பிரேயர்ல கொடி ஏத்துறப்ப முடிச்சு அவுறாம நின்னுச்சே, அன்னிக்கு ஓடிப்போய் அவுத்து விட்டது நீதானே?" என்பதற்கு வரும் பதில் அவர் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். அதை வேறு எவருடைய பதிலோடும் அடுக்க முடியாது. வாசலில் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பெயர், பார்த்ததில் மகிழ்ச்சி, அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு காரியம்.

இதற்குக் கொஞ்சம் முன்வேலை வேண்டும். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ உங்களில் யாரிடமாவது இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தோழிகள் ஒரு மாலை உட்காருங்கள். இது ஏன் உதவும் என்றால், பழைய முகம் நமக்குள் ஆச்சரியமாக நிலைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்பவரும் அவருடைய சகாக்களும் 1975-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பள்ளி முடித்த 392 பேருக்குப் பழைய பள்ளி மலரிலிருந்த படங்களைக் காட்டினார்கள். முப்பது ஆண்டு கடந்தவர்கள்கூட, இவர் நம் வகுப்பு என்று சுமார் 90 சதவீத முகங்களைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் படத்தைப் பார்த்து அதற்குரிய பெயரைத் தாங்களாகவே சொல்வது அவர்களுக்கு அதைவிட மிகக் கடினமாக இருந்தது. கவனியுங்கள், அவர்களுக்குக் காட்டியது அன்றைய முகம். இன்றைய முகத்தைப் பார்த்துத்தான் நீங்கள் வாசலில் திணறினீர்கள். அது உங்கள் அன்பின் குறை இல்லை.

ஆகவே குரூப் போட்டோவிலிருந்து ஒவ்வொரு முகத்தையும் தனியாக வெட்டியெடுத்து, பெரிதாக்கி, கழுத்தில் மாட்டும் அட்டையில் ஒட்டிவிடுங்கள். ஊரில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் செய்து தருவார்கள். கீழே பெயர், அன்றைய இனிஷியலோடு. நமக்கு எல்லாரும் எஸ். முருகன், கே. முருகன் என்றுதானே பதிந்திருக்கிறார்கள். பெண்களுக்கும் கல்யாணத்துக்குப் பின் மாறிய இனிஷியல் வேண்டாம். வேலை, ஊர், பட்டம் எதுவும் அட்டையில் கூடாது. இப்படி ஓர் அட்டை இருந்தால், "என்னைத் தெரியுதா, கண்டுபிடி பார்க்கலாம்" என்ற விளையாட்டே நடக்காது. அந்த விளையாட்டில் பலரும் தோற்பதில்லை, ஆனால் கண்டுபிடிக்கப்படாமல் நிற்பவர் மட்டும் தோற்றுப்போகிறார்.

போட்டோவைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கு ஒரு நினைவு எழுதிக்கொள்ளுங்கள். எல்லா நினைவும் ஆகாது. மதிப்பெண்ணோடு தொடர்புள்ளது வேண்டாம், "நீதானே கணக்குல ஃபெயில்" என்பதும் "நீதானே ஃபர்ஸ்ட் ரேங்க்" என்பதும் ஒன்றுதான். அடி வாங்கியது, முட்டி போட்டது வேண்டாம். யாரோடு யாரைச் சேர்த்துப் பேசினோம் என்பது கண்டிப்பாக வேண்டாம். அவரவர் குடும்பத்தோடு வருவார்கள். பட்டப்பெயரை அவராக எடுக்கும் வரை நீங்கள் எடுக்காதீர்கள். நிறத்தையும் உடம்பையும் சாதியையும் வைத்துக் கூப்பிட்ட பெயர்கள் அன்றைக்கே வலித்தவை. அப்போது எதிர்த்துச் சொல்ல அவருக்கு வழியில்லை, அவ்வளவே. எழுத வேண்டியது அவர் செய்த ஒரு நல்ல காரியம் அல்லது அவருக்கே உரிய ஒரு பழக்கம். மழையில் நோட்டு நனையாமல் இருக்க எல்லார் பையையும் தன் உரச் சாக்குக்குள் போட்டுக்கொண்டவர். கோகோ விளையாட்டில் கம்பத்தைச் சுற்றித் திரும்புகிற வேகம். போர்டில் தேதி எழுதும் அழகான கையெழுத்து. புளியங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தவர்.

சிலரைப் பற்றி எதுவுமே நினைவு வராது. அதிகம் பேசாதவர்கள், அடிக்கடி லீவு போட்டவர்கள், பாதியில் வந்து சேர்ந்தவர்கள். உண்மையில் இவர்களுக்குத்தான் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டும், ஏனென்றால் "எல்லாருக்கும் ஒரு கதை இருந்தது, எனக்கு இல்லை" என்பதும் ஒரு ஒப்பீடுதான். பொய்யாக ஒன்றை இட்டுக்கட்டாதீர்கள், உடனே தெரிந்துவிடும். இடத்தைக் கேளுங்கள். "நீ ஜன்னலோரம் மூணாவது பெஞ்சா? யாரு பக்கத்துல உட்காருவா?" அல்லது, "நீ எந்த ஊர்ல இருந்து வருவ, டவுன் பஸ்லயா சைக்கிள்லயா?" கிராமத்துப் பள்ளியில் சுற்றுவட்டாரத்து நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். வழியைக் கேட்டால் அந்த வழியில் கூட வந்தவர்கள், வழியிலிருந்த கிணறு, திறக்காத ரயில்வே கேட் என்று அவரே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வருவார்.

இப்போது அந்த ஆட்டோவை மறுபடி வாசலுக்கு வரவழைப்போம். இரண்டு பேர் இறங்குகிறார்கள். ஒருத்தியை உங்களுக்குத் தெரிகிறது, இன்னொருத்தியைத் தெரியவில்லை. இரண்டு பேரையும் ஒரே பார்வையில் வாங்கி, "வாங்கடி, வாங்க வாங்க! உள்ள நிழல்ல வாங்க முதல்ல" என்று இருவர் கையையும் பிடியுங்கள். தெரிந்தவளைத் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டாம், அதற்கு நாள் முழுக்க இருக்கிறது. மேசைக்கு அழைத்துப் போய், "உன் அட்டையை எடு" என்று பரப்பி வைத்த அட்டைகளைக் காட்டுங்கள். அவளே தன் பழைய முகத்தைத் தேடி எடுப்பாள். பெயர் உங்களுக்குத் தெரிந்துவிடும், தெரியவில்லை என்று சொல்லும் சங்கடமே வராது. பெயரைச் சொல்லி, "கோகோவுல உன்னைத் தொடவே முடியாது, இன்னும் ஞாபகம் இருக்கு எனக்கு" என்று சொல்லுங்கள். பிறகு அவள் சொல்வதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வி. அவள், "ஆமா, அப்ப பி.டி. சார் என்னைய மாவட்டப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்றால், "அய்யா எங்க கூட்டிட்டுப் போனாரு?" என்று தொடருங்கள். ஹார்வர்டில் நடந்த, 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், எதிராளி சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பவர்களை மக்கள் அதிகம் விரும்பினார்கள் என்று கண்டார்கள். நம் வீடுகளில் அப்பத்தாக்கள் திண்ணையில் செய்ததும் இதுவே. ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். பிறகு உள்ளே, யாரிடமாவது கையோடு ஒப்படையுங்கள்: "இவங்ககூட போய் உட்காரு, மரத்தடிப் பக்கம் நம்ம செட்டு இருக்கு." தனியாக நடந்து போய் எந்த வட்டத்தில் சேர்வது என்று நிற்கும் அந்த இருபது அடி தூரம்தான் பலருக்கும் அன்றைய தினத்தில் கஷ்டமானது.

ஒருமையா பன்மையா என்பதையும் வாசலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நம் பக்கத்தில் ஒப்பீடு அதிகமும் வாய்க்குள் நுழைவது அங்கேதான். ஆட்டோ ஓட்டுபவரை "வாடா" என்று கூப்பிட்டு, பின்னால் வரும் இன்ஸ்பெக்டரை "வாங்க சார்" என்றால் ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் எல்லாம் சொல்லியாகிவிட்டது. பெண்களுக்குள் "டி" பழகியிருந்தால் எல்லாருக்கும் "டி". ஆண்களை அன்றைக்கே பெயர் சொல்லி "நீ" என்று பேசியிருந்தால் எல்லாரையும் அப்படியே. இல்லை, நாற்பது வயதுக்குமேல் கூச்சமாக இருக்கிறது என்றால் எல்லா ஆண்களுக்கும் "வாங்க". யாருக்கும் "சார்", "மேடம்" கிடையாது. அதை வாத்தியார்களுக்கு மட்டும் வையுங்கள். வசதி குறைந்த நண்பர்கள் தாமாகவே எதிரிலிருப்பவரை "சார்" என்பார்கள். அப்போது அந்த அதிகாரியே முந்திக்கொண்டு, "டேய், என்னடா சாரு" என்று தோளில் கை போட வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் தவறில்லை.

சரி, நீங்கள் கேட்காவிட்டாலும் பிறர் உங்களைக் கேட்பார்கள், "நீ என்ன பண்ற?" என்று. இந்தக் கேள்வியைத் தடை செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. முதல் கேள்வியாக வருவதுதான் தொல்லை. ஒருவரோடு கால்மணி நேரம் பழையதைப் பேசிவிட்டபின், வேலை என்பதும் அவருடைய வாழ்க்கையில் ஒரு செய்தியாக வந்து சேரும். உங்களிடம் கேட்கும்போது "சும்மா", "வீட்டோட" இரண்டையும் விட்டுவிடுங்கள். உங்கள் வேலையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு துளியைச் சொல்லுங்கள். "டெய்லரிங் கடை வச்சிருக்கேன். இப்ப ஆரி வேலை ஜாக்கெட்டுக்குத்தான் கூட்டம், கல்யாண சீசன்ல ராத்திரி ரெண்டு மணி ஆயிடுது." இப்படிச் சொன்னால் எதிரிலிருப்பவர் ஆரி வேலையைப் பற்றிக் கேட்பார், உங்களை எந்தப் படியில் நிறுத்துவது என்று யோசிக்க மாட்டார். உங்கள் பெஞ்சுத் தோழிக்கும் இதையே சொல்வேன். அவர் வங்கியில் இருப்பதை மறைக்கக் கூடாது. "ஏதோ ஒரு வேலை" என்று மழுப்பினால், உங்களுக்குத் தாங்காது என்று அவர் நினைப்பதாக ஆகிவிடும். "பேங்க்ல இருக்கேன்டி, நகைக்கடன் கூட்டம் தாங்கல" என்று போகிற போக்கில் சொல்லட்டும். பதவியைக் கேட்டால் சொல்லட்டும்.

யாராவது உண்மையிலேயே சந்தோஷத்தோடு, "என் பொண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைச்சிருச்சுடி" என்று சொல்வார்கள். ஒப்பிடக் கூடாது என்பதற்காக அதைக் கேட்காதது போலப் போகாதீர்கள். அவளுக்கு அதைச் சொல்ல உங்களைவிட நல்ல ஆள் யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண் எப்படிப் படித்தாள், சேதி வந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். செய்யக் கூடாதது ஒன்றுதான்: உடனே பக்கத்தில் திரும்பி, "உன் பையன் என்னடா பண்றான்?" என்று அடுத்தவரிடம் கேட்பது. கல்யாணம் ஆகாதவர்கள், குழந்தை இல்லாதவர்கள், பிள்ளை பரீட்சையில் தவறியவர்கள், கணவனை இழந்தவர்கள் எல்லாரும் அந்த வட்டத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். "வீட்டுக்காரர் வரலையா?" என்ற சாதாரணக் கேள்வியைக்கூட நீங்கள் வாசலில் கேட்க வேண்டாம். வந்திருந்தால் அவரே பக்கத்தில் நிற்பார்.

மைக் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தோழி போனது வாசலால் மட்டும் அல்ல. பெயர், வேலை, பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால், அது ரேங்க் அட்டையை மைக்கில் வாசிப்பதுதான். தன் முறை நெருங்க நெருங்க, இன்னும் ஆறு பேர், இன்னும் ஐந்து பேர் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைக் கைவிட்டு, வருகைப்பதிவேட்டை வாசியுங்கள். பழைய வகுப்பாசிரியர் வருவாரானால் அவர் கையில் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். அவர் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்லட்டும். நாற்பது வயதுக்குமேல் அதைச் சொல்லும்போது குரல் எப்படி மாறுகிறது என்று நீங்களே கேட்பீர்கள். அந்தப் பட்டியல் அகர வரிசையில் இருப்பது. அதில் முதலில் வருபவர் முதல்வர் அல்ல. "உள்ளேன்" சொன்னவர் விரும்பினால் ஒரு நிமிடம் பேசலாம், ஆனால் தன்னைப் பற்றி அல்ல. வகுப்பில் தனக்கு உதவிய ஒருவரைப் பற்றி மட்டும். பேச விரும்பாதவர் உட்கார்ந்துவிடலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 42 பேரில் யாராவது இறந்திருந்தால், அவர் பெயர் பட்டியலின் நடுவில் எதிர்பாராமல் வந்து, "ஐயா, அவன் போயிட்டான்" என்று யாரோ சொல்லும்படி விடாதீர்கள். முன்கூட்டியே விசாரித்து, அந்தப் பெயர்களை ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லி, எல்லாரும் எழுந்து நின்றபின் மற்றவர்களைக் கூப்பிடட்டும். இன்னொன்று, ஆசிரியரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பழைய பாசத்தில், "நீ கடைசி பெஞ்சுதானே, இப்ப என்னடா பண்ற?" என்று மைக்கிலேயே கேட்கக் கூடியவர் அவர்தான். "ஐயா, இந்தத் தடவ யாரையும் வேலை கேக்க வேணாம்னு இருக்கோம்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

செலவுப் பணமும் இதில் சேர்ந்ததுதான். யார் எவ்வளவு கொடுத்தார் என்று குழுவில் பட்டியல் போட்டால், அன்றிரவே பலர் வருவதில்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். எல்லாருக்கும் எட்டுகிற ஒரே தொகை வையுங்கள். கூடுதலாகத் தர விரும்புபவர் பொருளாளரிடம் தனியாகத் தரட்டும். ஃப்ளெக்ஸில் குரூப் போட்டோ மட்டும் இருக்கட்டும், தொழிலதிபரின் தனிப் படம் வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும், மனசுக்குள் ஒப்பீடு எழாமல் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எழும். உங்களுக்கும் எழும், அந்த மேலாளருக்கும் எழும். அவர் உங்கள் சொந்தக் கடையையும், வருஷத்துக்கு ஒருமுறை இடமாற்றல் பயம் இல்லாத வாழ்க்கையையும் நினைத்துப் பெருமூச்சு விடலாம். யாருடைய வாயிலிருந்தும் அது கேள்வியாக வெளிவராமல் பார்த்துக்கொண்டால், வந்த சுருக்கம் சாப்பாட்டுப் பந்தியில் தானாகக் கரைந்துவிடும். பந்தியில் இலை போடுவது, தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலையைப் பதவி பார்க்காமல் பிரித்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் கரையும்.

கடைசியாக உங்கள் தோழி. அவருக்குக் குழுவில் எழுதாதீர்கள், தனியாக வாட்ஸ்அப் செய்தியும் வேண்டாம். இரண்டு டிக் நீலமாகி, பதில் வராமல் இருந்தால் இருவருக்குமே பாரம். சந்திப்புக்கு ஒரு மாதம் முன்பாகவே, மதியச் சமையல் முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து போன் செய்யுங்கள். அன்று நடந்ததை நீளமாக விளக்கி மன்னிப்புக் கேட்டால், அவர் உடம்பைப் பற்றி மறுபடியும் நீங்கள்தான் பேசுவதாக ஆகும். "அன்னிக்கு வாசல்ல நான் சரியா பேசல, எனக்கு மனசுல இருந்துச்சு" என்ற ஒரு வரி போதும். அவர் தானாகத் தைராய்டு பற்றிச் சொன்னால் கேளுங்கள், மருந்து யோசனை சொல்லாதீர்கள். பிறகு ஒரு வேலை கேளுங்கள், வெறும் அழைப்பு வேண்டாம். "குரூப் போட்டோல நாலஞ்சு பேரு பேரு எனக்குத் தெரியல, உனக்குத் தெரியுமான்னு பாக்கணும். போட்டோ அனுப்பட்டா?" என்று கேட்கலாம். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கும். ஓரமாக உட்கார்ந்தவர்களுக்குத்தான் எல்லார் பெயரும் தெரியும்.

வருகிறேன் என்று சொன்னால், வாசலில் உங்களோடு அட்டைகளை எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே நிற்பவரை யாரும் "என்ன பண்ற?" என்று கேட்பதில்லை, எல்லாருக்கும் அவரிடம் வேலை இருக்கும். யோசிக்கிறேன் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், அடுத்தடுத்து போன் செய்யாதீர்கள். வராமல் போனாலும், அவருடைய அட்டையை மற்ற அட்டைகளோடு செய்து வைத்து, சந்திப்பு முடிந்த மறுவாரம் அவர் வீட்டுப் பக்கம் போகும்போது கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.